ரிக் செய்த கேரக்டர் வாங்கியும் கால் வழுக்குகிறது. இன்னும் செலவு செய்யணுமா?

கேள்வி: ஒரு ஆன்லைன் தளத்தில் 'ரிக் செய்தது' என்று போட்டிருந்த 3டி மனித கேரக்டரை வாங்கினேன். `.fbx` ஃபைல்தான் கொடுத்தார்கள். பிளெண்டரில் திறந்து இடுப்பை இறக்கினால் பாதமும் தரைக்குள் போகிறது. நடக்க வைத்தால் கால் வழுக்குகிறது. கேட்டால், கண்ட்ரோல் ரிக்கைத் தனியாக வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 'ரிக் செய்தது' என்றால் எலும்புகள் இருக்கின்றன, அவை தோலோடு இணைந்திருக்கின்றன என்பதற்கு மேல் எந்த உத்தரவாதமும் இல்லை. `.fbx` எலும்பையும் அசைவையும் சுமந்து வரும். எலும்புகள் எப்படி நகர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் பிளெண்டரின் கன்ஸ்ட்ரெயின்ட்கள் அதில் வராது. பாதத்தைத் தரையில் நிறுத்தும் ஐகே, அதாவது `Inverse Kinematics`, ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்தான். அதனால்தான் இடுப்பு போகும் இடமெல்லாம் காலும் போகிறது. விளம்பரப் பக்கத்தில் ஐகே உண்டு என்று எழுதியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வெறும் 'ரிக்' என்று மட்டும் இருந்தால் அந்த வாதம் எடுபடுவது கடினம்.

ஐகேயை நீங்களே போட்டுக்கொள்ளலாம். முதலில் எடிட் மோடில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முழங்கால் கீழ் எலும்பின் நுனி சரியாகக் கணுக்காலில் முடிய வேண்டும். `.fbx` வழி வந்த எலும்புகள் பல நேரம் குட்டையாகவோ வேறு திசை பார்த்தோ நிற்கும். நுனி எங்கே இருக்கிறதோ அதைத்தான் ஐகே இலக்கோடு சேர்க்கும். அடுத்து, பக்கவாட்டில் பார்க்கும்போது முழங்கால் சற்றே முன்னால் மடங்கியிருக்க வேண்டும். குச்சி போல நேராக இருந்தால் எந்தப் பக்கம் மடக்குவது என்று கணக்குக்குத் தெரியாது, பின்பக்கம்கூட மடங்கிவிடும்.

பிறகு பாத எலும்பை `Shift+D` மூலம் நகலெடுத்து `foot_ik.L` என்று பெயர் வையுங்கள். `Alt+P` அழுத்தி `Clear Parent` கொடுத்து, `Deform` டிக்கை எடுத்துவிடுங்கள். ரூட் எலும்பு இருந்தால் அதன் கீழ் இதை இணைக்கலாம். இடுப்பின் கீழ் இணைத்தால் எல்லாம் வீண். முழங்கால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்ட, அதற்கு 40 செ.மீ. முன்னால், பேரன்ட் இல்லாமல் `knee_pole.L` என்று இன்னொரு எலும்பு வையுங்கள்.

போஸ் மோடில் கீழ்க்கால் எலும்புக்கு `Inverse Kinematics` சேர்த்து, இலக்காக `foot_ik.L`, போலாக `knee_pole.L` கொடுங்கள். `Chain Length` 2 ஆக இருக்க வேண்டும். அது 0 ஆகவே இருந்தால் காலை இழுக்கும்போது இடுப்பு, முதுகெல்லாம் சேர்ந்து வரும். முழங்கால் திடீரென்று பக்கவாட்டில் திரும்பினால் `Pole Angle` இல் 90 அல்லது -90 போட்டுப் பாருங்கள். அசல் பாத எலும்புக்கு `foot_ik.L` ஐப் பார்க்கும் `Copy Rotation` போடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்: இது இல்லாவிட்டால் கணுக்கால் நின்றாலும், கீழ்க்கால் சாயும்போது விரல் பக்கம் மேலும் கீழும் ஆடும். வலது காலுக்கும் இதே வேலை. இப்போது இடுப்பை இறக்கினால் பாதம் அசையாமல் முழங்கால் மட்டும் மடங்க வேண்டும்.

இதற்குப் பிறகும் நடையில் வழுக்கினால் காரணம் ரிக் அல்ல, அளவுகள். தொடை 45, கீழ்க்கால் 43 என்றால் கால் எட்டும் தூரம் 88 செ.மீ. பாதம் இடுப்பு மூட்டுக்கு 30 செ.மீ. முன்னால் ஊன்ற வேண்டுமானால், மூட்டு கணுக்காலுக்கு மேல் சுமார் 82.7 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கால் விறைத்து, பாதம் `foot_ik.L` ஐ விட்டுப் பிரிந்து நிற்கும். அந்த இடைவெளி திரையில் தெரியும். இடுப்பை 82க்கு இறக்கினால் சரியாகிவிடும்.

நின்ற இடத்திலேயே நடக்கும் சுழற்சி என்றால், ஊன்றிய பாதம் பின்னோக்கி ஒரே வேகத்தில் போக வேண்டும். 24 பிரேம் சுழற்சியில் 1 முதல் 13 வரை ஊன்றி, +30 இலிருந்து -30 வரை 60 செ.மீ. போனால், பிரேமுக்கு 5 செ.மீ. கிராஃப் எடிட்டரில் அந்தக் கீக்களைத் தேர்ந்தெடுத்து `T` அழுத்தி `Linear` ஆக்குங்கள். இயல்பாக இருக்கும் பெசியர் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும், பாதம் அந்த இடத்தில்தான் வழுக்கும். நொடிக்கு 24 பிரேம் ஓடினால் கேரக்டரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். கேம் இன்ஜினில் 1.5 என்று வைத்தால் நொடிக்கு 30 செ.மீ. வழுக்கும், அதற்கு எந்த விலையுயர்ந்த ரிக்கும் மருந்தல்ல.

இன்ஜினுக்கு `.fbx` ஆக அனுப்பும்போது அனிமேஷனை `bake` செய்யும் டிக் இருக்கட்டும். ஐகே போகாவிட்டாலும் அதன் விளைவு எலும்பசைவாகப் போய்விடும்.

குதிகாலை உருட்டும் கண்ட்ரோல் வேண்டுமென்றாலும் பிளெண்டரோடு இலவசமாக வரும் ரிக்கிஃபையில் அது இருக்கிறது. முக அசைவு கண்ட்ரோல்கள் இந்த கேரக்டருக்கென்றே செய்யப்பட்டு, `.blend` ஃபைலாகவே தருவார்களானால் மட்டும் தனி ரிக்குக்குப் பணம் கொடுப்பதை யோசிக்கலாம். அப்போதும், இடுப்பை இறக்கி ஏற்றும் 10 நொடி வீடியோவை முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.