நோயாளியைச் சொந்தக் காரில் கொண்டுபோவது: கேள்வி பதில்

பதினான்கு வருஷம் ஆம்புலன்ஸில் வேலை செய்தவன் நான். வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வர 25 நிமிஷம் ஆகுமாம், ஆஸ்பத்திரி 12 கிலோமீட்டர்தான். நானே கூட்டிப்போகலாமா?

கிளம்பும் முன் அவசர எண்ணில் இருப்பவரிடமே இதைக் கேளுங்கள், போனை வைக்காதீர்கள். நெஞ்சுவலியில் பெரிய பயம், வழியிலேயே இதயம் நின்றுவிடுவது. பல ஆம்புலன்ஸ்களில் இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கிறது, உங்கள் காரில் இல்லை. கிளம்பச் சொன்னாலோ, வண்டியே கிடைக்காவிட்டாலோ, இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் பின்சீட்டில் அப்பா பக்கத்தில் உட்காரட்டும். ஓட்டுகிறவர் திரும்பித் திரும்பிப் பார்க்கக் கூடாது.

வேகத்தில் கிடைப்பது எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். 12 கிலோமீட்டரை 60-இல் ஓட்டினால் 12 நிமிஷம், 80-இல் ஓட்டினால் 9. வழி முழுக்க அந்த வேகம் கிடைத்தாலும் மிச்சம் மூன்று நிமிஷம்தான், ஊருக்குள் அதுவும் கிடைக்காது. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி தேடுவதிலேயே அதைவிட அதிகம் போய்விடும். அதனால் பக்கத்தில் இருப்பவர் அவசரப் பிரிவுக்கு முன்கூட்டியே போன் போட்டு, வயது, என்ன வலி, எப்போது ஆரம்பித்தது என்று சொல்லிவிட வேண்டும்.

வழியில் அப்பாவைக் கூப்பிட்டால் பேசவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், ஆஸ்பத்திரி கிட்டத்தில் என்று விரட்டாதீர்கள். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, இறக்கித் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தை சீட்டில் அழுத்தினால் சீட்டுதான் அமுங்கும். நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை அழுத்துங்கள். அதற்குள் இன்னொருவர் ஸ்பீக்கரில் அவசர எண்ணைப் பிடித்து, நிற்கிற இடத்தைச் சொல்லட்டும்.

உடம்பு முடியாதவரை, சீட்டை நன்றாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் நல்லதுதானே?

கொஞ்சம் சாய்க்கலாம். முழுக்கச் சாய்த்தால் பெல்ட் உடம்பை விட்டு விலகி நிற்கும். திடீர் பிரேக்கில் ஆள் அதற்கு அடியில் வழுக்குவார், இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றில் ஏறிவிடும். பெல்ட் போட முடியாத எந்த நிலையும் காரில் வேண்டாம். நினைவில்லாதவரைப் பக்கவாட்டில்தான் படுக்க வைக்க வேண்டும், அப்போது பெல்ட்டும் சரியாக நிற்காது. அதனால்தான் அவரை ஆம்புலன்ஸுக்கு விட்டுவிடுங்கள் என்கிறேன்.

நான் நர்ஸ். மூச்சுத் திணறுகிறவரைச் சாய்க்கவே கூடாது, அதையும் சொல்லுங்கள்.

சரியாகச் சொன்னீர்கள் சிஸ்டர், நான் விட்டுவிட்டேன். அவர்களுக்குச் சீட்டை நிமிர்த்தி வைக்க வேண்டும், பெல்ட் போட்டபடியே.

மலைப்பாதையில் என் பையனுக்கு எப்போதும் வாந்தி. என்ன மாத்திரை கொடுக்கலாம்?

இது வேறு விஷயம். குழந்தைகள் டாக்டரைக் கேளுங்கள்.

நாலு பக்கமும் மினுக்கும் லைட்டைப் போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே போனால் வழி விடுவார்கள் அல்லவா?

சிலர் விடுவார்கள், அதை நம்பி ஓட்டாதீர்கள். பல கார்களில் அந்த லைட் எரியும்போது திருப்பச் சிக்னல் காட்ட முடியாது. பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்றே தெரியாது. ஓடும்போது அதைப் போடுவதைப் பல இடங்களில் சட்டமும் தடுக்கிறது.

லைட் போட்டுத்தான் நான் நாலு தடவை போயிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்தது எனக்கும் சந்தோஷம். அது லைட்டால்தானா என்று உங்களாலும் சொல்ல முடியாது.

என் மனைவி பிரசவ வலியில் இருந்தபோது சிவப்பு விளக்கைத் தாண்டினேன். போலீஸ்காரரே வழி விட்டார். அப்படியென்றால் அனுமதி உண்டுதானே?

அவர் உங்களுக்குக் காட்டியது கருணை. ஆம்புலன்ஸுக்குச் சட்டம் தரும் சலுகை பொதுவாகத் தனியார் காருக்குக் கிடையாது. சூழ்நிலையைப் பார்த்துப் பிறகு அபராதத்தை விட்டுக்கொடுப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். குறுக்கே வருகிற வண்டிக்காரருக்கு உங்கள் மனைவியின் வலி தெரியாது. சைரன் போட்ட வண்டியிலேயே நான் சந்திப்பில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துத்தான் போவேன்.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஒட்டிப் போனால்?

கூடாது. அது சட்டென்று நிற்கும். அது போனதும் மற்றவர்கள் மறுபடி உள்ளே வருவார்கள்.

லைட் போடலாமா?

மேலே இரண்டு பதில்கள் இருக்கின்றன, படியுங்கள்.

பாட்டிக்கு ஒரு பக்க வாய் கோணிவிட்டது. அரை மணி ஆகிறது. வலி இல்லை, காலையில் போகலாம் என்கிறார்.

இப்போதே அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், காலை வரை வேண்டவே வேண்டாம். பக்கவாதத்தில் வலி இல்லாமலே மூளை கெடும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான எல்லை நாலரை மணி நேரம், அது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். அந்த நேரத்தைத் தாளில் எழுதி, சாப்பிடும் மாத்திரைகளோடு கையில் கொடுங்கள். ஆம்புலன்ஸ் இல்லாமல் காரில்தான் போக வேண்டுமென்றால், மூளை ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரி எது என்று அவசர எண்ணில் இருப்பவரிடமே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் போயிருக்கலாம். போனை எடுங்கள், மற்ற கேள்விகளை அப்புறம் பார்க்கிறேன்.