‘வேறெங்கும் வெளிவராத கவிதை’ என்றால் எதுவரை?

கயல்: என் கவிதை 18 வரி. அதில் முதல் 4 வரியை மட்டும் போன வருஷம் இன்ஸ்டாகிராமில் போட்டேன். இப்போது ஒரு போட்டியில் “அச்சிலோ இணையத்திலோ வெளிவராத கவிதை” கேட்கிறார்கள். அந்தப் பதிவை அழித்துவிட்டு அனுப்பலாமா சிவகாமி அக்கா?

சிவகாமி: அழிக்கலாம், ஆனால் அதனால் தகுதி வந்துவிடாது. விதி கேட்பது ‘இப்போது இருக்கிறதா’ என்று அல்ல, ‘வெளிவந்ததா’ என்று. யாராவது பகிர்ந்திருந்தாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தாலோ அது இன்னும் உலவிக்கொண்டிருக்கும். பரிசு அறிவித்த பிறகு அது மேலே வந்தால், நாலு வரி என்பதைவிட அழித்துவிட்டு அனுப்பினீர்கள் என்பதுதான் பெரிதாகத் தெரியும்.

இப்படி ஒரு விதி இருப்பதற்கு இரண்டு காரணம். முதலில் வெளியிடும் வாய்ப்பு தமக்கு வேண்டும் என்பது ஒன்று. பெயர் மறைத்துத் தேர்வு நடக்கும்போது, நடுவர் ஒரு வரியைத் தேடினால் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பது மற்றொன்று. உங்கள் 4 வரி முதல் காரணத்தைப் பெரிதாகப் பாதிக்காது. இரண்டாவதை நன்றாகவே பாதிக்கும், ஏனென்றால் யாரும் முதலில் தேடுவது தொடக்க வரியைத்தான்.

விதிப் பக்கத்தில் இரண்டு சொல்லைத் தேடுங்கள். ‘சமூக ஊடகம்’ என்று தனியாகச் சொல்லியிருக்கிறதா? ‘முழுமையாகவோ பகுதியாகவோ’ என்று இருக்கிறதா? இரண்டும் இருந்தால் கதவு மூடிவிட்டது, வேறு கவிதை அனுப்புங்கள். இரண்டும் இல்லையென்றால் நீங்களாக ஊகிக்காமல், கடைசித் தேதிக்கு முன் எழுதிக் கேளுங்கள்:

“18 வரிக் கவிதை ஒன்றின் 4 வரிகள் என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருந்தன. முழுக் கவிதை எங்கும் வெளிவரவில்லை. இதை அனுப்பலாமா?”

அந்த அஞ்சலில் கவிதையையோ தலைப்பையோ சேர்க்காதீர்கள். சேர்த்தால் பெயர் மறைப்பை நீங்களே உடைத்தது போலாகும். வரும் பதிலை எடுத்து வையுங்கள். தொலைபேசியில் சொன்ன ‘பரவாயில்லை’ பிறகு உதவாது.

விதி இடத்துக்கு இடம் எவ்வளவு மாறும் என்பதற்கு இரண்டு உதாரணம். ஆங்கிலக் கவிதை இதழான ராட்டில், வலைப்பூவிலும் சமூக ஊடகத்திலும் நாமே போட்டுக்கொள்வதை வெளியீடாகக் கருதுவதில்லை. பிரிட்டனின் தேசியக் கவிதைப் போட்டியோ இணையத்தில் வந்ததையும் வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு போட்டியில் கிடைத்த பதிலை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது.

முருகேசன்: இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி போட்டால் அது வெளியீடே அல்ல. பொதுமக்களுக்குக் கிடைத்தால்தான் சட்டப்படி வெளியீடு.

சிவகாமி: சட்டத்தைப் பற்றிச் சொன்னது ஏறக்குறைய சரிதான் சார். ஆனால் இங்கே கேள்வி சட்டத்தின் சொற்பொருள் அல்ல. போட்டியில் சேரும்போது அவர்கள் விதியை ஒப்புக்கொள்கிறோம். அந்த விதியில் ‘வெளிவந்தது’ என்பதற்கு அவர்கள் என்ன பொருள் வைத்திருக்கிறார்களோ அதுதான் செல்லும். ‘கடவுச்சொல் இல்லாமல் பார்க்க முடிகிற பக்கம்’ என்று எழுதியிருந்தால் உங்கள் நண்பர் வட்டம் தப்பிக்கும். ‘எந்த வடிவிலும் பகிரப்படாதது’ என்றிருந்தால் தப்பிக்காது.

200 பேர் உள்ள வாட்ஸாப் குழு எந்தப் பக்கம் சேரும்? இதில் அமைப்பாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. திருத்தம் கேட்டு ஐந்து பேருக்கு அனுப்புவதை யாரும் வெளியீடு என்று சொல்லிக் கேட்டதில்லை. குழு பெரிதானால், முன்னே சொன்னதுபோல எழுதிக் கேட்பதுதான் வழி.

ஹேமா: என் பிரச்சினை வேறு. என் கவிதையை வேறொருவர் தன் பெயரில் போட்டிருக்கிறார். நானே எனக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அது போதும்தானே?

சிவகாமி: அந்த உறை பெரிய சான்று ஆகாது. உறையை ஒட்டாமலே அனுப்பிவிட்டு, பிறகு எதை வேண்டுமானாலும் உள்ளே வைத்து ஒட்டலாம் என்று எதிராளி சொல்வார். உரிமை பிறப்பதற்கு அந்த உறை தேவையும் இல்லை. பதிப்புரிமை பற்றிய 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், பதிவு எதுவும் செய்யாமலே படைத்தவருக்கு உரிமை வந்துவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது முந்தி எழுதியது நீங்கள் என்று காட்டும் தடம். தேதியோடு உள்ள வரைவுகள், திருத்தம் கேட்டு நண்பருக்கு அனுப்பிய அஞ்சல், முதலில் போட்ட பதிவின் இணைப்பு, இவை மூன்றும் ஒன்றையொன்று தாங்கும். அடித்துத் திருத்திய வரைவுக்கு மதிப்பு அதிகம். திருடியவரிடம் முடிந்த கவிதை மட்டும்தான் இருக்கும்.

அந்தக் கவிதையைப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால், வேறொருவர் பெயரில் அது உலவுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் தேடும்போது அந்தப் பதிவு கண்ணில் பட்டால் உங்களைத்தான் சந்தேகிப்பார்கள்.

செந்தில்: கவிதை நான் எழுதியதுதான். இருந்தாலும் இதே வரி ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா என்று எப்படித் தேடுவது? முழுக் கவிதையையும் ஒட்டித் தேடினேன், ஒன்றும் வரவில்லை.

சிவகாமி: முழுக் கவிதையை ஒட்டினால் வராது. மூன்று நான்கு சொல் உள்ள துண்டை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஆனால் தமிழில் அதற்குள்ளும் ஒரு வலை இருக்கிறது. வேற்றுமை உருபு மாறினால் சொல் மாறிவிடும். சிலர் சொற்களைச் சேர்த்து எழுதுவார்கள், சிலர் பிரிப்பார்கள். உங்கள் வரி ‘கிணற்றுக்குள் விழுந்த நிலா கயிறு கேட்கிறது’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேடல் போதாது, இப்படி மாற்றி மாற்றிப் போடுங்கள்:

```
"கிணற்றுக்குள் விழுந்த நிலா"
"கிணற்றில் விழுந்த" நிலவு
"நிலா கயிறு"
கிணறு நிலா கயிறு கவிதை
```

கடைசித் தேடலில் மேற்கோள் குறி இல்லாததைக் கவனியுங்கள். முதல் மூன்றும் அதே சொற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பவை. நான்காவது, அதே கற்பனை எவ்வளவு புழங்கிவிட்டது என்று காட்டுவது. கிணற்றில் நிலா விழுவதை எத்தனையோ பேர் எழுதியாயிற்று. அது திருட்டு ஆகாது, ஏனென்றால் உரிமை கருத்துக்கு இல்லை, சொன்ன விதத்துக்குத்தான். ஆனால் நடுவருக்கு அலுப்பு வரும், அது வேறு கணக்கு. நிலா கயிறு கேட்பதும் வேறொருவர் கவிதையில் அப்படியே இருந்தால், தற்செயலாகவே இருந்தாலும் அந்த வரியை மாற்றிவிடுவேன்.

ஒன்றும் அகப்படவில்லை என்றால் ‘எங்கும் இல்லை’ என்று பொருள் இல்லை. படமாகப் போட்ட கவிதைகள் பெரும்பாலும் எழுத்துத் தேடலில் சிக்குவதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய டிஸ்கி குறியாக்கத்திலும் பாமினி போன்ற எழுத்துருக்களிலும் கிடக்கும் பழைய பக்கங்களும் சிக்காது. அச்சில் மட்டும் வந்த தொகுப்புகளைச் சொல்லவே வேண்டாம். ஆகவே எப்போதோ படித்த நினைவு எந்த வரியில் உறுத்துகிறதோ அந்த வரியில் தேடலைத் தொடங்குங்கள்.

சுந்தரம்: வெண்பாப் போட்டியில் ஈற்றடியை அவர்களே கொடுக்கிறார்கள். அப்படியென்றால் வெண்பா யாருடையது? இன்னொருவர் பாடலும் என்னுடையதும் பாதிக்குமேல் ஒத்துப்போகிறது!

சிவகாமி: ஈற்றடி கொடுத்தவருடையது, மற்ற மூன்றடி உங்களுடையது ஐயா. பிறகு உங்கள் பக்கத்தில் போடும்போது ‘கொடுத்த ஈற்றடிக்கு எழுதியது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஒத்துப்போவதில் பாதி யாப்பு செய்த வேலை. ஈற்றடியின் முதற்சீர் எதுகையை முடிவு செய்துவிடுகிறது. மூன்றாமடி அதைத் தொடர்ந்தாக வேண்டும், ஒருவிகற்பமாக எழுதினால் நான்கடியும். அந்த எதுகைக்குப் பொருந்தும் சொல் ஏழெட்டுத்தான் என்றால், நூறு பேர் எழுதும்போது அடி முதற்சொற்கள் மோதத்தான் செய்யும். எதுகைச் சொற்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஒப்பிடுங்கள். அங்கும் சீருக்குச் சீர் ஒத்தால் கேள்வி கேட்கலாம்.

பாத்திமா: ஒரு விதி இப்படி இருக்கிறது: “போட்டிக்கு வரும் படைப்புகளின் முழு உரிமையும் அமைப்பையே சேரும்.” எல்லாரும் போடுகிற சம்பிரதாய வாக்கியம்தானே?

சிவகாமி: சம்பிரதாயம்தான், ஆனால் கடிக்கும். இரண்டு சொல்லைப் பாருங்கள். ‘வரும்’ என்றால் தோற்ற கவிதையும் சேர்த்து. ‘பரிசு பெறும்’ என்றிருந்தால் மற்றவர்களுக்குப் பாதிப்பில்லை. அடுத்தது ‘முழு உரிமை’. அந்த வாக்கியம் செல்லுபடியானால் உங்கள் சொந்தத் தொகுப்பில் அந்தக் கவிதையைச் சேர்க்கக்கூட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டிவரும். சில நாடுகளில் கையெழுத்திட்டால்தான் உரிமை கைமாறும், வெறும் அறிவிப்பு போதாது. ஆனால் அதை நம்பி அனுப்பிவிட்டுப் பிறகு வழக்காடுவது யாருக்கு முடியும்?

போட்டி நடத்த அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, பரிசுக் கவிதையை முதலில் வெளியிடும் அனுமதியும் ஒரு தொகுப்பில் சேர்க்கும் அனுமதியும். “பரிசு பெறும் கவிதைகளை வெளியிட அனுமதி தருகிறேன், உரிமை என்னிடமே இருக்கும் என்று மாற்ற முடியுமா?” என்று கேளுங்கள். பல இடங்களில் பழைய விதியை அப்படியே ஒட்டியிருப்பார்கள், கேட்டதும் மாற்றுவார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஃபேஸ்புக்கில் போடும்போதுகூட உரிமை உங்களிடமே இருக்கிறது. அவர்களுக்குப் போவது பயன்படுத்தும் அனுமதி மட்டும், அதே அனுமதியை நீங்கள் மற்றவர்க்கும் தரத் தடையில்லை. ஆனால் யாரும் பகிரலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் குறியோடு ஏற்கெனவே போட்டிருந்தால் கவனம். அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. ‘எங்களுக்கு மட்டும்’ என்று கேட்கும் போட்டிக்கு அந்தக் கவிதையைத் தரவும் முடியாது.

கயல்: அக்கா, நீங்கள் சொன்னபடி எழுதிக் கேட்டு ஒரு வாரம் ஆயிற்று. பதில் இல்லை. கடைசித் தேதிக்கு இன்னும் 3 நாள்.

சிவகாமி: இன்று ஒருமுறை நினைவூட்டுங்கள். நாளை மறுநாள் மாலைவரை பதில் வராவிட்டால் வேறு கவிதையை அனுப்புங்கள். வேர்டு கோப்பாக அனுப்புவதென்றால் File > Info > Check for Issues > Inspect Document போய் உங்கள் பெயரை நீக்கிவிடுங்கள். கவிதைக்குக் கீழே பெயர் போடாவிட்டாலும் கோப்பின் Author இடத்தில் அது உட்கார்ந்திருக்கும்.