உறுப்பினரை நீக்கிய பின்னும் அந்நியர் நுழைவது எப்படி? வாட்ஸ்அப் குழுவின் பழைய இணைப்பை முடக்கும் முறை

கேள்வி: ஏற்காட்டுச் சிறு காபி விவசாயிகளுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். தேவையற்ற விளம்பரங்களைப் போட்ட இருவரைச் சென்ற மாதம் நீக்கினோம். அதன் பிறகும் முன்பின் தெரியாத எண்கள் சேர்ந்து, கடன் செயலி விளம்பரங்களைப் போடுகின்றன. நாங்கள் யாரையும் சேர்க்கவில்லை. ஒண்டிக்கடை என்ற பகுதியில் உள்ள ஒரு கடையில் குழுவின் கியூஆர் குறியீட்டை ஒட்டியிருக்கிறோம். என்ன செய்வது, ஐயா?
– வாசகி, ஏற்காடு

பதில்: ஒருவரை நீக்குவதும் குழுவின் அழைப்பு இணைப்பை முடக்குவதும் தனித்தனிச் செயல்கள். chat.whatsapp.com என்று தொடங்கும் அந்த இணைப்பின் இறுதியில் 22 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். அது குழுவுக்கு உரியதே தவிர, எந்த உறுப்பினருக்கும் உரியதன்று. ஆகவே நீக்கப்பட்டவர் தம் எண்ணிலிருந்து மீண்டும் சேர முடியாமல் போனாலும், அவரிடமிருந்து அந்த இணைப்பைப் பெற்ற வேறு எவரும் தடையின்றி நுழையலாம். நிர்வாகி மாற்றும்வரை அது காலாவதியாவதும் இல்லை. கடையில் ஒட்டியுள்ள கியூஆர் குறியீட்டுக்குள் இருப்பதும் இதே இணைப்புதான். பொது இணையப் பக்கங்களில் பகிரப்பட்ட இத்தகைய இணைப்புகள் கூகுள் தேடலில் கிடைப்பது 2020 பிப்ரவரியில் பெரிய செய்தியானது. அதனால் நீக்கப்பட்ட அந்த இருவர் மீது மட்டும் ஐயம் கொள்ள வேண்டியதில்லை.

முடக்கும்போது எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். விளம்பரம் போடுபவர் குழுவுக்குள் இருக்கும்போதே இணைப்பை மாற்றினால், உறுப்பினர்களும் இணைப்பு வழியே அழைக்கலாம் என்று உங்கள் குழுவில் அனுமதித்திருக்கும் நிலையில், அவர் புதிய இணைப்பையும் எடுத்துக்கொண்டுவிடுவார். எனவே முதலில் குழுவின் பெயரைத் தொட்டு, Group permissions பகுதிக்குச் சென்று, உறுப்பினரைச் சேர்க்கும் உரிமையையும் இணைப்பைப் பகிரும் உரிமையையும் நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். புதியவர் சேர நிர்வாகியின் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் Approve new members என்பதையும் அங்கேயே இயக்கிவிடுங்கள். செயலியின் பதிப்புக்கேற்ப இச்சொற்கள் சற்று மாறலாம். அடுத்து அந்நிய எண்களை நீக்குங்கள். கடைசியாக, இணைப்பு வழியே அழைக்கும் பக்கத்தைத் திறந்து Reset link என்பதைத் தொட்டு உறுதிசெய்யுங்கள். அந்த நொடியிலேயே பழைய இணைப்பும், அதைக் கொண்ட கியூஆர் குறியீடும் செயலிழந்துவிடும்.

ஒப்புதல் முறையை இயக்கிவிட்டதால் இணைப்பை மாற்றத் தேவையில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். பழைய இணைப்பு உயிரோடு இருந்தால், அதைத் திறக்கும் எவருக்கும் குழுவின் பெயரும் படமும் தெரியும். கோரிக்கைகள் வந்து குவியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிக்கும் அவசரத்தில் ஏதேனும் ஒரு நிர்வாகி, யாரோ தெரிந்த விவசாயி என்று எண்ணி ஒப்புதல் அளித்துவிடக்கூடும்.

மாற்றிய பின் சோதித்துப் பாருங்கள். பழைய இணைப்பைக் குழுவில் இல்லாத ஒருவரின் கைப்பேசிக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். கடையில் உள்ள குறியீட்டையும் அவரே ஸ்கேன் செய்யட்டும். இணைப்பு மாற்றப்பட்டுவிட்டதால் சேர இயலாது என்ற பொருளில் செய்தி வந்தால் வேலை முடிந்தது. சேர்வதற்கான பொத்தானோ ஒப்புதல் கோரும் பொத்தானோ தெரிந்தால், மாற்றம் பதிவாகவில்லை என்று பொருள்.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களை இந்த மாற்றம் வெளியேற்றாது. இணைப்பு வழியே சேர்ந்தவர்களைப் பற்றிய சிறு அறிவிப்பு உரையாடலின் இடையே இருக்கும். அதை அடையாளமாகக் கொண்டு, நாகலூர், மஞ்சக்குட்டை என்று ஊர்வாரியாக ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்தால், பெயர் தெரியாமல் எஞ்சும் எண்கள் சிலவாகவே இருக்கும். அவர்களை அழைத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள். வாய் திறக்காத எண் என்பதற்காக ஒரு மூத்த விவசாயியை வெளியேற்றிவிடக் கூடாது.

இதில் ஒரு வரம்பு உண்டு. உள்ளே நுழைந்தவர்கள் உறுப்பினர்களின் கைப்பேசி எண்களை ஏற்கெனவே குறித்துக்கொண்டிருக்கலாம். அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே குழுவைச் சொல்லிக் கடன் தருவதாகவோ காபிக்கு முன்பணம் கேட்டோ தனிப்பட்ட அழைப்பு வரலாம் என்று எல்லோருக்கும் தெரிவியுங்கள். யாரேனும் பணம் இழந்தால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் அளிக்க வேண்டும்.

பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டி ஒன்றுக்குள் உங்கள் குழு இருந்தால், கம்யூனிட்டிக்கென்று தனி அழைப்பு இணைப்பு உண்டு. அதையும் மாற்ற வேண்டும். கடையில் உள்ள பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். புதிய கியூஆரை அங்கே ஒட்டுவதைவிட, பொறுப்பாளர் ஒருவரின் ஒப்புதலோடு அவருடைய எண்ணை எழுதி ஒட்டி, சேர விரும்புபவர் அவரை அழைத்துத் தம் ஊரையும் தோட்டத்தையும் சொல்லிச் சேருமாறு செய்வதே உங்கள் குழுவுக்கு ஏற்றது.