‘எஸ்’ ஒட்டாத சொற்களில் இரண்டு கூட்டம்

கேள்வி: பெங்களூரில் விமான உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மின்னஞ்சலில் ‘த்ரீ ஏர்கிராஃப்ட்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று எழுதினால் மேலாளர் ‘எஸ்’ எழுத்தை அடித்துவிடுகிறார். சரி என்று அடுத்த முறை ‘த்ரீ எக்விப்மென்ட்’ என்று எழுதினேன், அதையும் அடித்தார். பன்மையில் மாறாத சொற்களுக்கு முழுப் பட்டியல் எங்கே கிடைக்கும்? வீட்டருகே ஓர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி மையத்தில் ஆயிரம் சொற்கள் கொண்ட புத்தகம் தருகிறார்களாம். சேரலாமா? — ஒரு வாசகி, அல்சூர்

பதில்: உங்கள் மேலாளர் இரண்டு முறையும் சரியாகத்தான் அடித்திருக்கிறார். காரணத்தைச் சொல்லாமல் அடித்ததுதான் அவர் செய்த குறை. ‘எஸ்’ ஒட்டாதவை என்று நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கும் சொற்கள் உண்மையில் இரண்டு கூட்டம். இரண்டுக்கும் நடத்தை வேறு.

முதல் கூட்டத்தில் இருப்பவை எண்ணக்கூடியவை. ஒன்று, இரண்டு, பத்து என்று தாராளமாக எண்ணலாம். சொல்லின் உருவம் மட்டும் மாறாது. ஏர்கிராஃப்ட், ஷீப், டியர், சீரீஸ், ஸ்பீஷீஸ் எல்லாம் இந்த ரகம். ‘ஆன் ஏர்கிராஃப்ட்’ சரி, ‘த்ரீ ஏர்கிராஃப்ட்’ சரி. ஒன்றாக இருந்தால் வினை ‘இஸ்’, பலவாக இருந்தால் ‘ஆர்’. பன்மை அங்கே உண்டு. அது சொல்லின் வாலில் தெரியாமல் எண்ணிலும் வினையிலும் தெரிகிறது.

இரண்டாம் கூட்டத்தை ஆங்கிலம் எண்ணுவதே இல்லை. எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், லக்கேஜ், மெஷினரி, இன்ஃபர்மேஷன், சாஃப்ட்வேர், ஸ்டேஷனரி ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்குப் பன்மையே கிடையாது. ஆகவே பன்மையில் மாறுமா மாறாதா என்ற கேள்வியே எழாது. ‘எக்விப்மென்ட்ஸ்’ எவ்வளவு தவறோ, ‘த்ரீ எக்விப்மென்ட்’ அவ்வளவு தவறு. நம்மில் பலரும் கவனிக்காத இன்னொன்று, ‘ஆன் எக்விப்மென்ட்’ என்பதும் தவறு. கிடங்கு நிறைய இருந்தாலும் வினை ‘இஸ்’தான்: ‘த எக்விப்மென்ட் இஸ் ரெடி’.

எந்தச் சொல் எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொள்ளச் சொல்லுக்கு முன்னால் நேராக ‘டூ’ வைத்துப் பாருங்கள். ‘டூ ஏர்கிராஃப்ட்’ நிற்கும். ‘டூ எக்விப்மென்ட்’ நிற்காது. நடுவில் ‘பீசஸ் ஆஃப்’ என்று ஒரு முட்டு கொடுத்தால்தான் நிற்கும். காதுக்குப் பிடிபடவில்லை என்றால் கேள்வி கேட்கும் சொல்லை மாற்றிப் பாருங்கள். ‘ஹவ் மெனி’ ஒத்துப்போனால் முதல் கூட்டம், ‘ஹவ் மச்’ ஒத்துப்போனால் இரண்டாவது. அதிலும் சந்தேகம் தீராவிட்டால் நல்ல அகராதியைத் திறந்து, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று அச்சிட்ட அகராதியாகப் பார்த்து, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பாருங்கள். எண்ண முடிந்தால் ‘சி’, எண்ண முடியாவிட்டால் ‘யு’ என்ற எழுத்து இருக்கும். இந்த ஓர் எழுத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுக்காமல் பள்ளிகளில் பத்து ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள்.

பள்ளித் தேர்வில் என்ன கேட்பார்கள்? “பன்மை எழுதுக: ஷீப், ஆக்ஸ், மவுஸ், சைல்ட்.” பிள்ளைகளும் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். அந்தக் கேள்வித்தாளில் எக்விப்மென்ட் வரவே வராது. பன்மை இல்லாத சொல்லுக்குப் பன்மை எழுதச் சொல்ல முடியாதே! ஆக, அலுவலகத்தில் அன்றாடம் தடுக்கி விழவைக்கும் சொற்கள் எவையோ, அவை மட்டும் பாடத்திட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. எருதுகளைப் பற்றி மின்னஞ்சல் எழுத வேண்டிய நிலை உங்களுக்கு எப்போது வரப்போகிறது?

தமிழரான நமக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ‘நான்கு பெட்டி வந்தது’, ‘பத்து மாடு மேய்கிறது’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். எண் முன்னால் நிற்பதால் அஃறிணையில் ‘கள்’ விருப்பம்போல்தான். இந்தப் பழக்கத்தில் சிறு வயதில் ‘ஃபோர் பாக்ஸ்’ என்று எழுதியிருப்போம், ஆசிரியர் “எஸ் எங்கே?” என்று தலையில் குட்டியிருப்பார். அந்தக் குட்டு மறக்காமல், பிறகு பலவாகத் தோன்றும் பொருள் எதைக் கண்டாலும் ‘எஸ்’ ஒட்டிவிடுகிறோம். ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ பிறந்த கதை பெரும்பாலும் இதுதான்.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். இப்படி ஒரு மின்னஞ்சல் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘த்ரீ ஏர்கிராஃப்ட்ஸ் ஆர் இன் த ஹேங்கர். ஆல் எக்விப்மென்ட்ஸ் ஆர் ரெடி. வீ நீட் ஒன் மோர் எக்விப்மென்ட்.’ முதல் வாக்கியத்தில் ‘எஸ்’ எழுத்தை மட்டும் எடுங்கள். ‘ஆர்’ அப்படியே இருக்கட்டும், ஏனென்றால் விமானங்கள் மூன்று. இரண்டாவதில் ‘எஸ்’ போவதோடு ‘ஆர்’ என்பதும் ‘இஸ்’ ஆக வேண்டும். பாதி திருத்திவிட்டு நிறுத்துகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மூன்றாவதில் ‘ஒன் மோர் பீஸ் ஆஃப் எக்விப்மென்ட்’ என்று எழுதலாம். இலக்கணம் சரியாகிவிடும், ஆனால் விற்பனையாளருக்கு என்ன வேண்டும் என்றே புரியாது. கொள்முதல் பிரிவில் இருப்பவர் பொருளின் பெயரையே எழுதுவது நல்லது: ‘ஒன் மோர் ஜாக்’, ‘டூ மோர் ட்ராலீஸ்’. எண்ணக்கூடிய பெயர் வந்தவுடன் ‘எஸ்’ தொல்லையும் தீர்ந்துவிடுகிறது. மெஷினரி என்று தயங்குவதற்குப் பதில் ‘ஃபோர் மெஷின்ஸ்’ என்றும், சாஃப்ட்வேருக்குப் பதில் ‘டூ ப்ரோக்ராம்ஸ்’ என்றும் எழுதலாம்.

முதல் கூட்டத்திலும் ஓர் ஆபத்து உண்டு. ‘ப்ளீஸ் இன்ஸ்பெக்ட் த ஏர்கிராஃப்ட்’ என்று எழுதினால் ஒரு விமானமா ஐந்து விமானமா என்று படிப்பவருக்குத் தெரியாது. வினையும் கைகொடுக்காத வாக்கியம் இது. எண்ணை எழுதிவிடுங்கள், அல்லது விமானத்தின் பதிவு எண்களைக் கொடுத்துவிடுங்கள்.

ஏர்கிராஃப்ட் ஏன் மாறவில்லை என்றால், ‘கிராஃப்ட்’ என்ற சொல் படகு, கலம் என்ற பொருளில் வரும்போது வழக்கமாக ‘எஸ்’ ஏற்பதில்லை. ஸ்பேஸ்கிராஃப்ட், ஹோவர்கிராஃப்ட் ஆகியவையும் அப்படித்தான். கைத்தொழில் என்ற பொருளில் வந்தால் ‘கிராஃப்ட்ஸ்’ சரி. ஷீப், டியர் இரண்டும் வேறு வழியில் வந்தவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஒரு வகைப் பெயர்ச்சொற்களுக்குப் பன்மை விகுதியே கிடையாது. ஹவுஸ், வேர்ட், திங் எல்லாம் அந்த வகையில்தான் இருந்தன. மற்றவற்றைப் பார்த்துப் பிற்காலத்தில் ‘எஸ்’ ஒட்டிக்கொண்டன. இந்த இரண்டு விலங்குகளும் ஒட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இதில் விதி தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அதைப் பிழையில்லாமல் எழுதுகிறவர்களைக் காண்பது அரிது. அது ‘ஸ்டாஃப்’. இது ஒரு ஆளைக் குறிப்பதில்லை. ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் அத்தனை பேரையும் சேர்த்துக் குறிக்கிறது. ஆகவே ‘ஹீ இஸ் எ ஸ்டாஃப்’ தவறு. ‘ஹீ இஸ் எ ஸ்டாஃப் மெம்பர்’ சரி. ‘அவர் ஸ்டாஃப்ஸ் ஆர் ஆன் லீவ்’ தவறு. ‘அவர் ஸ்டாஃப் ஆர் ஆன் லீவ்’ சரி. பிரிட்டிஷ் வழக்கில் இங்கே ‘ஆர்’ வரும், அமெரிக்கர் ‘இஸ்’ என்பார்கள். உங்கள் வாடிக்கையாளர் எந்த நாட்டவரோ அவர் வழியில் போங்கள். ‘ஃபைவ் ஸ்டாஃப்’ என்று எழுதலாமா? பிரிட்டனில் தாராளமாக எழுதுகிறார்கள், சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ‘ஃபைவ் ஸ்டாஃப் மெம்பர்ஸ்’ என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. ‘ஸ்டாஃப்ஸ்’ என்ற வடிவமே இல்லையா என்றால், இருக்கிறது: மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் பணியாளர் குழுக்களைச் சேர்த்துச் சொல்லும்போது வரும். கைத்தடி என்ற பொருளிலும் வரும். இரண்டையும் உங்கள் மின்னஞ்சலில் எழுத நேராது.

சாதாரணச் சொற்களைப் பற்றி இரண்டு வரி போதும். பெரும்பாலானவற்றுக்கு ‘எஸ்’, உச்சரிக்கும்போது சீறலோ ‘ச்’ ஒலியோ கொண்டு முடிந்தால் ‘இஎஸ்’, பாக்ஸ் ‘பாக்ஸஸ்’ ஆவதுபோல. பன்மைக்கு ‘எஸ்’ எழுத்தின் முன்னால் அபாஸ்ட்ரஃபி என்ற கொம்பு போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பெங்களூரின் பாதிக் கடைப் பலகைகளில் அது தொங்குகிறது.

பயிற்சி மையத்துக்கு வருகிறேன். இந்த ஆயிரம் சொல் புத்தகங்கள் எனக்குப் புதிதல்ல. அப்படி ஒன்றைத் திருத்தித் தரும்படி ஒரு மையத்தினர் என்னிடம் கொடுத்தார்கள். ‘மாறாத சொற்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஷீப்பையும் ஃபர்னிச்சரையும் அருகருகே அடுக்கியிருந்தார்கள். பிரித்துத் தனித்தனியாகப் போடச் சொன்னேன். “அட்டை அச்சாகிவிட்டது, சார்” என்று பதில் வந்தது. உள்ளே இருந்த பட்டியலுக்கும் அட்டைக்கும் என்ன சம்பந்தமோ! அதைப் படித்தவர்கள்தான் பிறகு ‘டூ ஃபர்னிச்சர்’ என்று எழுதுகிறார்கள். பக்கத்தை நிரப்ப ‘ஆக்டோபை’ மாதிரியான ஒப்பனைப் பன்மைகளையும் சேர்ப்பார்கள். அது லத்தீன் வேடம்; சொல்லோ கிரேக்கம்; ‘ஆக்டோபஸஸ்’ என்பதே போதும். இந்த மையங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்கும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். அலுவலகத்தில் யாராவது அளவுக்கு மீறிச் சிபாரிசு செய்தால் அதையும் யோசியுங்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியல் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஷீப்பும் ஃபர்னிச்சரும் ஒரே வரிசையில் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் வேலையில் கட்டாயம் வரப்போகும் ஒன்று. வாடிக்கையாளரின் டெண்டர் தலைப்பிலேயே ‘சப்ளை ஆஃப் எக்விப்மென்ட்ஸ்’ என்று அச்சாகியிருக்கும். அரசுத் துறை டெண்டர்களிலும் இதைப் பார்க்கலாம். பொருள் வரியில் அந்தத் தலைப்பைக் குறிப்பிடும்போது அவர்கள் எழுதியபடியே, ‘எஸ்’ உட்பட எழுதுங்கள். அது அந்த ஆவணத்தின் பெயர். திருத்தினால் அவர்கள் கோப்பில் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் உங்கள் விலைப்புள்ளிதான் ஓரமாகக் கிடக்கும். அடுத்த வரியில் உங்கள் சொந்த வாக்கியம் தொடங்கியதும் ‘த எக்விப்மென்ட் இஸ்’ என்று எழுதுங்கள். மேலாளர் அதையும் அடித்தால் அகராதியில் அந்த ‘யு’ எழுத்தைக் காட்டுங்கள்.