பொத்தானை நகர்த்தாதீர்கள்

கேள்வி: "குறும்படம் ஒன்று எடுக்கிறேன். அம்மா தையல்காரர். பக்கத்திலேயே தூங்கிப்போகும் பையனுக்கு 40 விநாடிக் கனவு. அதில் அவன் சின்னதாகிவிடுகிறான், தையல் ரயில் பாதையாகிறது. 14 படம் வரைந்து நண்பர்களிடம் காட்டினேன். 'இப்ப எங்க இருக்கான்? எப்பச் சின்னதானான்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வசனம் இல்லாமல் எப்படிப் புரியவைப்பது?"

முதலில் படங்களைக் குறையுங்கள். 40 விநாடிக்கு 14 என்றால் ஒன்றுக்கு மூன்று விநாடிகூட இல்லை. பழகிய அறையைப் புரிந்துகொள்ள அது போதும். பார்த்தே இராத ஓர் இடத்துக்குப் போதாது. எட்டு அல்லது ஒன்பது போதும்.

அடுத்தது, ஒரு வெட்டில், அதாவது ஒரு படத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவும்போது, எத்தனை விஷயம் மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இடம், ஆளின் அளவு, கேமரா கோணம் மூன்றையும் ஒரே வெட்டில் மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். ஒரு வெட்டில் ஒன்றுதான் மாறலாம். 1924-இல் வந்த 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் கனவில் ஒரு திரைக்குள் நுழைவார். தோட்டம், தெரு, மலைமுகடு, கடல்பாறை என்று பின்னணி மாறிக்கொண்டே இருக்கும். அவர் மட்டும் திரையில் அதே இடத்தில், அதே அளவில் நிற்பார். அதற்காக நில அளவைக் கருவியை வைத்துக் கேமரா தூரத்தை அளந்தார்கள். அதனால்தான் அத்தனை தாவலிலும் நம் கண் அவரைத் தொலைப்பதில்லை.

உங்கள் கதைக்கு அதையே திருப்பிப் போடலாம். சின்னதாவது பையன் என்பதால், மாறாமல் நிற்க வேறொரு பொருள் வேண்டும். நான் ஒரு சிவப்புச் சட்டைப் பொத்தானைத் தேர்ந்தெடுப்பேன். அவன் விழித்திருக்கும்போதே மெஷின் மேசையில் முகவாயை வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானை விரல் நுனியால் உருட்டட்டும். அதன் மேல் அவன் நகம் தெரிய வேண்டும். நகத்தளவுப் பொத்தான் என்பது அந்த ஒரு குளோஸப்பில் பார்வையாளர் மனதில் பதிந்துவிடும்.

கட். அடுத்த படத்திலும் பொத்தான் திரையில் அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது. ஆனால் விரல் இருந்த இடத்தில் முழுப் பையன், வண்டிச் சக்கரத்தில் சாய்ந்தவன்போல அதில் சாய்ந்து நிற்கிறான். பொத்தான் வளரவில்லை, அவன்தான் சுருங்கினான் என்பதைக் கண்ணே சொல்லிவிடும். வரையும்போது இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பொத்தானும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். வெறும் வெள்ளைத் துணிமேல் பையனை நிறுத்தினால், எவ்வளவு குட்டியாக வரைந்தாலும் அவன் தூரத்தில் நிற்பதாகத்தான் தோன்றும்.

இந்த ஷாட்டுக்கு நான்கு விநாடி கொடுங்கள். பிறகு கேமராவை அவன் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். ஊசியை மெதுவாக இறங்க வையுங்கள். பெரிய பொருள் வேகமாக அசைந்தால் பொம்மைபோல் ஆகிவிடும். முன்னும் பின்னும் கலங்கி, நடுவில் மட்டும் ஃபோகஸ் இருந்தாலும் அப்படித்தான். அவன் உலகத்தைக் காட்டும்போது கிட்டத்திலிருந்து தொலைவுவரை தெளிவாகத் தெரியட்டும்.

தையல் தண்டவாளமாவதற்கு ஒற்றைத் தையல் உதவாது, அது புள்ளிக்கோடாகத்தான் தெரியும். முதல் காட்சியில் அம்மா ஜீன்ஸில் போடுவதுபோல் இரட்டைத் தையல் போடட்டும். திசையையும் அங்கேயே தீர்மானித்துவிடுங்கள். மெஷினின் ஊசிப் பக்க முனையிலிருந்து பார்த்தால் அம்மா வலப்புறம் இருப்பார், துணி இடப்புறம் போகும். எனவே ரயிலும் இடப்புறமே போக வேண்டும். ஒரே ஒரு படத்தில் ரயிலின் திசையைக் காட்டும் அம்பு திரும்பினாலும் 'திரும்பி வர்றானா?' என்று கேட்பார்கள். ரயில் சத்தம் படத்துக்கு அரை விநாடி முன்னால், விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 12 ஃபிரேம் முன்னால் வரட்டும். மெஷினின் கடகடப்பே ரயிலாக மாறுவதைக் காது முதலில் பிடித்துக்கொள்ளும்.

வெளியே வரவும் பொத்தானே வழி. ரயிலிலிருந்து இறங்கியவன் அதன் துளை வழியே எட்டிப் பார்க்கிறான். துளை நிறைய அம்மாவின் கண். கட். அந்தக் கண் இருந்த இடத்திலேயே அம்மாவின் முகம், அவனை எழுப்புகிறது.

வரைந்ததும் படங்களை மொபைலில் எடுத்து, அதனதன் விநாடிக்கு ஓடவிட்டு, மெஷின் சத்தத்தையும் சேருங்கள். கதை தெரியாத ஒருவருக்கு ஒரே முறை காட்டுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். 'என்ன நடந்துச்சு, சொல்லுங்க' என்று கேளுங்கள். 'பையன் சின்னதாயிட்டான்' என்பதற்குப் பதில் 'பெரிய பொத்தான் ஒண்ணு வந்துச்சு' என்று சொன்னால், விரல் தெரியும் அந்த முதல் குளோஸப்பை இன்னும் ஒரு விநாடி நீட்டுங்கள்.