புதன்கிழமை காலி நாற்காலியும் சனிக்கிழமை வாடிக்கையாளரும்

கேள்வி: தங்கச்சிமடத்தில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறேன். மூன்று நாற்காலிகள், மாதச் சம்பளத்தில் இரண்டு உதவியாளர்கள். சனி, ஞாயிறுகளில் நிற்க இடமில்லை. செவ்வாய் முதல் வியாழன் வரை பகலில் ஆளே இல்லை. கூட்டம் குறையும்போதெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 30 சதவீதத் தள்ளுபடி போட்டேன். இப்போது பழைய வாடிக்கையாளர்கள்கூட, “அக்கா, அடுத்த ஆஃபர் எப்போது? அப்போது வருகிறேன்” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் ஸ்டேட்டஸில் தள்ளுபடி போடுவதை இன்றே நிறுத்துங்கள். காத்திருந்தால் விலை குறையும் என்பதை உங்கள் அறிவிப்புகள்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தன. எந்த நாளில் வரும் என்று தெரியாத சலுகைக்குத்தான் மனிதர்கள் காத்திருப்பார்கள். அதனால் சலுகையை அறிவிப்போடு கட்டாமல் நேரத்தோடு கட்டுங்கள். புதன், வியாழன் காலை 11 மணி முதல் 3 மணி வரை ஒரு விலை, மற்ற நேரத்தில் வழக்கமான விலை. இரண்டையும் விலைப்பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள். அடுத்த மாதமும் அதே விலைதான் என்றால் எதற்காகக் காத்திருப்பது? வேண்டுமானால் அந்த நேரத்துக்கு வரலாம், அவ்வளவுதான்.

செவ்வாயை நான் வேண்டுமென்றே விட்டேன். உங்கள் பகுதியில் பல மதத்தவரும் வருவார்கள். அவர்களில் செவ்வாயன்று முடி வெட்டிக்கொள்ளாதவர்களை விலை அசைக்காது. அன்று உதவியாளர்களில் ஒருவருக்கு வார விடுப்புக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை இருவரும் இருப்பார்கள்.

எல்லா வேலைக்கும் விலை குறைக்க வேண்டாம். த்ரெட்டிங் அவசரத்துக்கு வருவது, விலை பார்த்து யாரும் நாளை மாற்றுவதில்லை. மணப்பெண் அலங்காரத்தை முகூர்த்தம்தான் தீர்மானிக்கிறது. நேரம் அதிகம் பிடித்து, பொருள் குறைவாகச் செலவாகும் ஹேர் ஸ்பா, பெடிக்யூர் போன்றவையே இதற்குப் பொருத்தம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்ட தாய்மார்களுக்கு அந்த நேரம் வசதியாகவும் இருக்கும்.

எவ்வளவு குறைக்கலாம்? ஹேர் ஸ்பாவுக்கு 800 ரூபாய் வாங்குகிறீர்கள், கிரீம் முதலிய பொருளுக்கு 200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளமும் வாடகையும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே கையில் நிற்பது 600. நீங்கள் கொடுத்த 30 சதவீதம் என்பது 240 ரூபாய். அந்த 600-இல் அது 40 சதவீதம். இவ்வளவு போனதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

புதன் விலையை 650 என்று வையுங்கள். கையில் 450 நிற்கும். புதிதாக ஒருவர் வந்தால் 450 ரூபாய் லாபம். சனிக்கிழமை முழு விலை கொடுத்து வந்திருக்கக்கூடியவர் புதனுக்கு மாறினால் 150 ரூபாய் நட்டம். அதாவது, புதிதாக வரும் ஒருவர் நாள் மாறிய மூவரின் நட்டத்தை ஈடுகட்டுவார். ஒரு வாரத்தில் வந்த ஆறு பேரில் நால்வர் புதியவர், இருவர் மாறியவர் என்றால் 1,500 ரூபாய் மிச்சம். ஒருவர் புதியவர், ஐவர் மாறியவர் என்றால் 300 ரூபாய் கைநட்டம், நாற்காலி நிறைந்தது போலத் தோன்றினாலும். மாறியவர் விட்டுப்போன சனிக்கிழமை இடத்தில், முன்பு திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய ஒருவர் உட்கார்ந்தால் மட்டும் அந்த மாற்றமும் லாபமே.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். புதன், வியாழன் வருபவர் பெயருக்கு எதிரே அவர் கடைசியாக எந்தக் கிழமையில், எத்தனை வாரத்துக்கு முன் வந்தார் என்று எழுதுங்கள். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வந்தவர் இப்போது மூன்று வாரத்தில் வருகிறார் என்றால் அவர் புதியவருக்குச் சமம். சனிக்கிழமை இடமில்லாமல் திரும்பிப்போனவர்களின் பெயரையும் தனியே எழுதிவையுங்கள். புதன் காலை நாற்காலி காலியாக இருந்தால் ஸ்டேட்டஸைத் தொடாமல் அவர்களை அழையுங்கள்.

எப்போது தொடங்குவது என்பது உங்கள் ஊரில் மிக முக்கியம். தவக்காலத்தில் கிறிஸ்தவத் திருமணங்கள் இராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக் குடும்பங்களில் கை இறுகியிருக்கும். அந்த மாதங்களின் வெறுமை விலையால் வந்ததல்ல. அப்போது சோதித்தால் திட்டம் தோற்றதாகத் தோன்றும், நீங்களும் மீண்டும் 30 சதவீதத்துக்குப் போய்விடுவீர்கள். தடை முடிந்து படகுகள் போய்வரத் தொடங்கி, பள்ளியும் திறந்த பிறகு, ஜூன் கடைசியில் தொடங்கி எட்டு வாரம் பாருங்கள்.

இதற்கிடையில் “ஆஃபர் எப்போது?” என்று கேட்பவர்களிடம், “சனிக்கிழமைக்குச் சலுகை இல்லை, புதன் பகலில் எப்போதும் குறைந்த விலைதான்” என்று சொல்லுங்கள். சிலர் ஒன்றிரண்டு மாதம் வராமல் பார்ப்பார்கள். அவர்களுக்காக ஒரே ஒரு முறை விலையைத் தளர்த்தினாலும், அந்தச் செய்தி பாம்பன் வரை போய்விடும்.