வாங்கியவர் கேட்கிறார்: லோகோ வருகிறது, ஆப் வரவில்லை

கேள்வி: அண்ணாச்சி, ஏழு வருஷத்துக்கு முன் வாங்கிய ஆண்ட்ராய்டு டிவி. ஒரு மாசமாக ஓடிடி ஆப்பைத் திறந்தால் லோகோ வந்து, உடனே முகப்புக்குத் திரும்பிவிடுகிறது. அந்த ஆப்பின் கேஷை அழித்தும் பலனில்லை. ஆப்பையே நீக்கிவிட்டு மறுபடி போடு என்கிறான் மகன்.
– வாசகி, தக்கலை

பதில்: மகன் சொல்வது கடைசியில் செய்ய வேண்டியது. குளச்சலில் என் அக்கா வீட்டு டிவிக்கும் இதே வியாதிதான். மெமரி 8 ஜிபி. அதில் பாதிக்கு மேல் டிவியின் சொந்த மென்பொருளே பிடித்துக்கொண்டிருந்தது. Settings-இல் Storage-ஐப் பார்த்தால் மிச்சம் 310 எம்பி.

ஆப் திறக்கும்போது சில கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை என்றால் பல ஆப்கள் செய்தி எதுவும் காட்டாமல் மூடிக்கொள்ளும். அப்டேட் வரும்போது நிலைமை இன்னும் மோசம். புதியது இறங்கி முடியும் வரை பழையதும் உள்ளேயே இருக்கும், இரண்டுக்கும் சேர்த்து இடம் வேண்டும். அந்த ஒரு ஆப்பின் கேஷை மட்டும் அழித்தால் கிடைக்கும் கொஞ்சம் இடம் ரெண்டு நாளில் நிறைந்துவிடும்.

அக்கா வீட்டில் முதலில் பிளக்கைப் பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டேன். ரிமோட்டில் அணைப்பது டிவியைத் தூங்க வைப்பதுதான், அது கணக்கில் வராது. அப்புறம் Settings, Apps, See all apps என்று போய், *மற்ற* ஆப்களின் கேஷை ஒவ்வொன்றாக அழித்தேன். 240 எம்பி கிடைத்தது. பேரன் இறக்கிய இரண்டு விளையாட்டுகளை நீக்கினேன், இன்னொரு 400. டிவியோடு வந்த, யாரும் தொடாத ஆப்களை நீக்க முடியாது. ஆனால் அவற்றில் Uninstall updates, அதன்பின் Disable கொடுக்கலாம். கடைசியில் மிச்சம் 1 ஜிபியைத் தாண்டியது.

அதற்குப் பிறகுதான் தகராறு செய்த ஆப்புக்கு Clear data கொடுத்தேன். கேஷ் அழிப்பதைவிட இது ஒரு படி மேலே. லாகின் போய்விடும், ஆகவே பாஸ்வேர்டைத் தேடி வைத்துக்கொண்டு செய்யுங்கள். அக்காவுக்கு அதிலேயே திறந்துவிட்டது.

உங்களுக்குத் திறக்காவிட்டால் மட்டும் நீக்கிப் போடுங்கள். அதற்கு முன் கணினியில் அதே கூகுள் கணக்கோடு பிளே ஸ்டோரைத் திறந்து, அந்த ஆப் உங்கள் டிவிக்கு இன்னும் கிடைக்கிறதா என்று பாருங்கள். பழைய டிவிகளைச் சில ஆப்கள் கைவிட்டுவிடும். நீக்கிய பிறகு திரும்பப் போட முடியாமல் நிற்கக்கூடாது.

1 ஜிபி காலியாக இருந்து, புதிதாகப் போட்டும் மூடினால் சிக்கல் இடத்தில் இல்லை. பெரும்பாலும் ஆப் வளர்ந்துவிட்டது, டிவி வளரவில்லை. டிவியைத் தூக்கிப் போட வேண்டாம். எச்டிஎம்ஐயில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கினால் போதும், டிவி வெறும் திரையாக இருந்துகொள்ளும்.

கேள்வி: இதே கோளாறுக்கு மெக்கானிக் "சாஃப்ட்வேர் ஏத்தினேன்" என்று 1,800 ரூபாய் வாங்கினார். மூன்றே நாளில் மறுபடி அதே கதை. பில் தரவில்லை.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பாவம், உங்கள் மேல் தப்பில்லை. அவர் செய்தது ஃபேக்டரி ரீசெட்டாக இருக்கலாம். உங்கள் ஆப்கள் எல்லாம் காணாமல் போய், லாகின் மறுபடி கேட்டிருந்தால் அதுதான். ரிமோட்டிலேயே செய்யக்கூடிய வேலை. என்ன மென்பொருள் ஏற்றினார் என்று கேட்டு, பில்லையும் கேளுங்கள். பணம் கொடுத்ததற்கு யுபிஐ பதிவு இருந்தால் எடுத்து வையுங்கள். மழுப்பினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: பென்டிரைவ் செருகினால் டிவி மெமரி கூடுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: சில டிவிகளில் கூடும். பென்டிரைவை டிவியின் சொந்த மெமரியாகவே மாற்றும் வசதி அவற்றில் உண்டு, மாற்றும்போது அதில் இருப்பதெல்லாம் அழியும். அப்போதும் சில ஆப்கள் அங்கே நகர மறுக்கும். நானும் திருவிழாக் கடையில் "128 ஜிபி" ஒன்று மலிவாக வாங்கினேன். உள்ளே இருந்தது 8. டிவியிலும் 8, பென்டிரைவிலும் 8, எனக்கு நல்லா வேணும்.

ஆனால் டிவிப் பெட்டியில் "8 ஜிபி" என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்களே, அதுதான் எனக்குத் தீராத எரிச்சல். அரிசி மூட்டையில் நிகர எடை போடச் சொல்கிறோம். டிவியில் வாங்குபவருக்கு மிஞ்சும் இடத்தை யார் போடுகிறார்கள்? கடையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை வாங்கி Storage-ஐத் திறந்து பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: ஆப் திறக்கவில்லை என்று கோபத்தில் டிவியை ரீசெட் செய்துவிட்டேன். இப்போது எந்த பாஸ்வேர்டும் நினைவில்லை. கடைக்காரர் மீது புகார் செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கடைக்காரர் என்ன செய்தார், பாவம்? "Forgot password" அமுக்குங்கள்.